சேர்த்து வைத்து பைக் வாங்குவதா, லோனில் எடுப்பதா?

*சூலூரிலிருந்து பீளமேட்டுக்கு வேலைக்குப் போகிறேன். பஸ்ஸுக்கு மாதம் 1,500 ரூபாய் ஆகிறது. பைக் ஆன்-ரோடு விலை ஒரு லட்சம். கையில் 20,000 இருக்கிறது. மீதி 80,000-க்கு 10% வட்டியில் லோன், மூன்று வருஷம், மாதம் 2,889 கட்டினால் போதும் என்கிறார்கள் ஷோரூமில். அதே பணத்தை மாதாமாதம் சேர்த்தும் வாங்கலாம். எது லாபம்?*

அந்த 10 சதவீதம் எந்த வகை வட்டி என்பதை முதலில் பார்க்க வேண்டும். 80,000-க்கு வருடம் 8,000 வீதம் மூன்று வருடத்துக்கு 24,000 வட்டி. அசலோடு கூட்டினால் 1,04,000. அதை 36-ஆல் வகுத்தால் சரியாக 2,889 வருகிறது. அப்படியென்றால் இது ஃப்ளாட் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போனாலும், முழு 80,000-க்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள். கடைசி மாதத்தில் உங்கள் அசல் பாக்கி சுமார் 2,200 தான் இருக்கும். அந்தக் கணக்குப்படி அப்போதும் 667 ரூபாய் வட்டிக்கே போகும். நிலுவையில் உள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் சொன்னால் இது ஏறக்குறைய 18 சதவீதம். பிராசஸிங் கட்டணம், பத்திரச் செலவு என்று ஒரு 2,500 பிடித்தால் 20 சதவீதத்தைத் தொட்டுவிடும்.

ஆக, லோனில் உங்கள் கையிலிருந்து மொத்தம் போவது: முன்பணம் 20,000, தவணைகள் 1,04,000, கட்டணம் 2,500. கூட்டினால் 1,26,500.

இப்போது சேமிப்பு. கையில் உள்ள 20,000-ஐ டெபாசிட்டாகவும், மாதம் 2,900-ஐ வங்கி ஆர்.டி.யாகவும் 6 சதவீத வட்டியில் போடுகிறீர்கள் என்று வைப்போம். 25 மாதத்தில் நீங்கள் போட்ட பணம் 92,500. வட்டி சுமார் 7,000 சேர்ந்து ஒரு லட்சத்தை நெருங்கிவிடும். லோனுக்கும் இதற்கும் வித்தியாசம் 34,000 ரூபாய். தவணை முடியும் காலத்தையும் பாருங்கள்: லோனில் 36 மாதம் கட்ட வேண்டும், சேமிப்பில் 25 மாதத்தோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்த 25 மாதமும் பைக் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதையும் எடை போட வேண்டும். 34,000-ஐ 25-ஆல் வகுத்தால் 1,360. பைக் வந்ததும் மாதம் அவ்வளவு செலவு குறையும் என்றால் மட்டுமே உடனே லோன் எடுப்பது கட்டுப்படியாகும். உங்கள் தூரம் போய் வர நாளுக்கு 26 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் 25 நாளில் 650 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தாலும் 13 லிட்டர் பெட்ரோல், கிட்டத்தட்ட 1,300 ரூபாய். சர்வீஸ், ஆயில், டயர், இன்ஷூரன்ஸுக்கு ஒரு 400 ஒதுக்குங்கள். 1,700 ஆகிவிட்டது. நீங்கள் பஸ்ஸுக்குக் கொடுப்பது 1,500. ஒரு பைசா மிச்சமில்லை! நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரவு ஷிஃப்ட்டுக்கு பஸ் கிடைக்காமல் தினமும் ஆட்டோவுக்கு 150 கொடுப்பவர் என்றால், நானே லோன் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

விலை ஏறிவிடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இரண்டு வருடத்தில் 5 சதவீதம் ஏறினாலும் கூடுதல் 5,000 தான். எதிர்ப்பக்கமும் நடக்கும்: 2025 செப்டம்பர் 22-இல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

இரண்டு வருடம் காத்திருக்க முடியாது என்றால், நடுவில் ஒரு வழி இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரு வருடம் மட்டும் சேருங்கள். கையிலுள்ளதோடு சுமார் 57,000 ஆகும். மீதி 43,000-க்கு அதே வட்டியில் 18 மாத லோன் போட்டால் தவணை சுமார் 2,750, வட்டி 6,450. கட்டணத்தோடு சேர்த்து மொத்தம் 1,06,750 அளவில் முடிந்துவிடும். பைக் 12 மாதத்தில் கையில், கடன் 30-ஆவது மாதத்தில் தீரும்.

எப்போது லோன் எடுத்தாலும், கையெழுத்துக்கு முன் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல் அதைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வட்டி அதுதான், 10 என்று வாயால் சொன்னதோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசித் தவணை கட்டியதும் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலிருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கிவிடுங்கள். அதைச் செய்யாமல் விட்டால், பின்னால் வண்டியை விற்கும்போது பெயர் மாற்ற முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.