உப்புநீர் பொங்குகிறது, எண்ணெய் அமைதியாக இருக்கிறது: எது நல்ல ஊறுகாய்?

கேள்வி: காற்றுப் புகாதது என்று சொல்லி விற்ற, கம்பிக் கிளிப் வைத்த 2 கண்ணாடி ஜாடிகளை வாங்கினேன். ஒவ்வொன்றும் 1 லிட்டர். இரண்டிலும் அரை அரை கிலோ பச்சைக் கேரட்டை நறுக்கிப் போட்டேன். ஒன்றில் லிட்டருக்கு 30 கிராம் உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றினேன், 400 மில்லி பிடித்தது. மற்றதில் 2 தேக்கரண்டி உப்பு பிசிறி, மூழ்கும்வரை எண்ணெய் ஊற்றினேன். இரண்டையும் அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் உப்புநீர் ஜாடியைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கி வழிந்தது, ஒரு வாரத்தில் கேரட் வழுவழுப்பாகிவிட்டது. எண்ணெய் ஜாடியில் ஒரு குறையும் இல்லை. ஜாடி பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா? இனி எல்லாவற்றையும் எண்ணெயிலேயே போட்டுவிடலாமா?

பதில்: ஜாடி பழுது இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பதை இரண்டு ஜாடிகளிலிருந்தும் கொட்டிவிடுங்கள். முக்கியமாக, குறையே தெரியாத அந்த எண்ணெய் ஜாடியைத்தான் முதலில்.

அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பொங்கியதைப் பார்ப்போம். பச்சைக் காய்கறியோடு லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் சேர்ந்தே வருகின்றன. உப்புநீரில் மற்ற கிருமிகள் தடுமாறும்போது இவை பெருகி, காயில் உள்ள சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும். அந்த வேலையில் கரியமில வாயு வரும், முதல் 3 முதல் 5 நாட்களுக்கு அதிகமாகவே வரும். ஆக, பொங்கியது நல்ல அறிகுறிதான். தப்பு, வாயு போக வழி விடாததில் இருக்கிறது. ரப்பர் வளையம் வைத்த சில ஜாடிகளில் உள்ளே அழுத்தம் கூடினால் மூடி லேசாக எழும்பி வாயுவை விட்டுவிடும். உங்களுடையது அப்படி விடவில்லை. அதனால் முதல் வாரம் தினம் ஒருமுறை கிளிப்பைத் தளர்த்தி மூடுங்கள். திருகு மூடி என்றால் இறுக்காமல் கால் சுற்று தளர்வாகவே வைக்கலாம். நான் ஒருமுறை திருகு மூடியை முழுக்க இறுக்கிவிட்டு நான்கு நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்து திறந்தபோது முட்டைக்கோஸ் கூரையைத் தொட்டது, கறை இன்னும் போகவில்லை. ஜாடியையும் விளிம்புவரை நிரப்பாதீர்கள், மேலே 3 அல்லது 4 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். காய் மட்டும் எப்போதும் நீருக்குள் அமுங்கியிருக்க வேண்டும். மிதக்கிற துண்டில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். சின்னக் கண்ணாடிக் கனம் ஏதாவது மேலே வைத்தால் போதும்.

சரி, பொங்கியது நல்லது என்றால் வழுவழுப்பு எங்கிருந்து வந்தது? உப்புக் கணக்கிலிருந்து. லிட்டருக்கு 30 கிராம் போட்டதால் 3 சதவீதம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த 3 சதவீதம் தண்ணீருக்கு மட்டும்தான். உங்கள் ஜாடியில் போனது 400 மில்லி, அதாவது சுமார் 12 கிராம் உப்பு. கேரட் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இரண்டொரு நாளில் உப்பு காய்க்குள் புகுந்து எங்கும் சமமாகிவிடும். 500 கிராம் கேரட், 400 கிராம் தண்ணீர், மொத்தம் 900 கிராமுக்கு 12 கிராம் உப்பு என்றால் சுமார் 1.3 சதவீதம்தான். அந்த அளவில் வேண்டாத கிருமிகளுக்கும் இடம் கிடைக்கும், காயும் இளகிவிடும். இடம் சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆகவே காயையும் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு, அந்த மொத்தத்துக்கு 3 சதவீதம் உப்பு எடுங்கள். உங்கள் ஜாடிக்கு அது 27 கிராம். அதை 400 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நாக்கில் வைத்தால் கரிக்கும், பயப்படாதீர்கள், கேரட் இழுத்துக்கொள்ளும். ஸ்பூன் கணக்கு இதற்கு உதவாது. ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் எடையில் ஒன்றல்ல. 1 கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். வால்வு வைத்த விசேஷ மூடிக்குச் செலவழிப்பதைவிட அது முக்கியம். அயோடின் உப்பு கூடாது என்று சிலர் சொல்வார்கள். எடை சரியாக இருந்தால் அதுவும் வேலை செய்யும், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகலாம், அவ்வளவுதான். 20 டிகிரி செல்சியஸையொட்டிய இடத்தில் ஒன்று, இரண்டு வாரம் வைத்துவிட்டு, குமிழி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே தட்டையாக வெள்ளை ஏடு படிந்தால் அது ஒருவகை ஈஸ்ட், எடுத்துப் போட்டுவிடலாம். பஞ்சு மாதிரி, நிறத்தோடு முளைத்தால் முழுவதையும் கொட்டுங்கள்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் பூஞ்சணம் வராது. ஆனால் அது புளிப்பையும் தராது, உப்பும் அதில் கரையாது. நீங்கள் போட்ட 2 தேக்கரண்டி, சுமார் 12 கிராம், கேரட்டின் சொந்த நீரில் கரைந்திருக்கும். சுமார் 440 கிராம் நீருக்கு அது 3 சதவீதத்தைக்கூட எட்டாது. அப்படியானால் உள்ளே இருப்பது காற்றில்லாத, புளிப்பில்லாத, உப்புக் குறைவான ஈரம். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற மண்கிருமி தேடுவது இதைத்தான். மண்ணுக்குள் விளையும் கேரட்டில் அதன் வித்து இருக்க வாய்ப்பு உண்டு. அது விடும் நச்சு ஆளைக் கொல்லக்கூடியது. வாசனை, நிறம், சுவை எதிலும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத ஜாடியைக் கொட்டச் சொன்னது இதனால்தான். ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

உப்பு ஒன்றை மட்டும் நம்பி அந்தக் கிருமியை அடக்க வேண்டுமானால் காயின் நீரில் 10 சதவீதம் வேண்டும். அரை கிலோ கேரட்டுக்கு சுமார் 50 கிராம், அதுவும் ஒவ்வொரு துண்டின் நடுவரை சமமாகப் பரவியிருக்க வேண்டும். அதை வாயில் வைக்க முடியாது. புளிப்புதான் சுலபமான வழி. புளிப்பு கூடக் கூட பிஹெச் என்ற அளவு குறையும்: அது 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது.

எனவே எண்ணெய் ருசிதான் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் மேலே சொன்னபடி உப்புநீரில் புளிக்கவிடுங்கள். பிஹெச் காட்டும் காகிதத்தால் சோதித்து, 4 அல்லது அதற்குக் கீழே வந்ததும் நீரை நன்றாக வடியுங்கள். அப்புறம் எண்ணெய் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காகிதம் வாங்கும்போது 1 முதல் 14 வரை காட்டும் பொதுவான வகை வேண்டாம், அதில் 4-க்கும் 5-க்கும் நிற வித்தியாசம் பிடிபடாது. 3 முதல் 5 வரையிலான எல்லையை நுணுக்கமாகக் காட்டுவதைக் கேளுங்கள். பூண்டோ இலையோ தாளித்துச் சேர்க்க நினைத்தால், அவையும் முதலிலிருந்தே உப்புநீரில் புளித்தவையாக இருக்கட்டும். எண்ணெயில் பச்சையாகக் கடைசியில் போட்டால் பழைய கதைதான்.

மூடி இறுக்கம் என்பது எண்ணெய் ஊற்றும் இந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான் தேவை. அது சரியா என்று பார்க்க, பாதி தண்ணீர் ஊற்றிக் கிளிப்பைப் பூட்டி, உலர்ந்த துணியின்மேல் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். துணி நனைந்தால் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது. அந்த வளையம் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஜாடியில் முதலில் போவது அதுதான்.