பெயர் எழுதாத தாளில் ஒரு பிள்ளை உண்மையை எழுதிவிட்டால்

கேள்வி: நாங்கள் கல்லூரியிலிருந்து நான்கு பேர். கடலூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மனநலக் கேள்வித்தாள் கொடுக்கப் போகிறோம். பெயர் எழுத வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சொல்வதாக இருக்கிறோம். யாராவது சாகவேண்டும் போல் இருக்கிறது என்றோ, வீட்டில் தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்றோ எழுதிவிட்டால் என்ன செய்வது? சொன்ன வாக்கை மீறலாமா?

பதில்: மீற வேண்டிய நிலையே வராதபடி வாக்கைக் கொடுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்ற வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள். அதற்குப் பதில் இப்படி வைக்கலாம்: "நீ எழுதுவதை டீச்சரிடமோ வீட்டிலோ காட்ட மாட்டோம். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றோ, யாராவது உன்னைத் தப்பாகத் தொடுகிறார்கள், துன்புறுத்துகிறார்கள் என்றோ தெரிந்தால், உதவக்கூடியவரிடம் சொல்வோம். யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதை முதலில் உன்னிடம் சொல்வோம்." பெற்றோர் கையெழுத்திடும் படிவத்திலும் இதே வரிகள் இருக்கட்டும். வகுப்பில் தாள் கொடுப்பதற்கு முன் வாய்விட்டும் படியுங்கள். இதைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் கொஞ்சம் குறைத்து எழுதலாம். எழுதட்டும், அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது பெயர். நான் முதன்முதலில் களத்துக்குப் போன ஆய்வில் எந்த அடையாளமும் வாங்கவில்லை. தாள்களை மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தோம். மூன்று வாரம் கழித்துக் கணினியில் ஏற்றும்போதுதான் ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தோம். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று தெரிந்தது, எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை. பள்ளிக்குத் தேர்வு விடுமுறை விட்டிருந்தார்கள். கையெழுத்தை வைத்து வகுப்பாசிரியரிடம் கண்டுபிடித்துத் தரச் சொல்லலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதைச் செய்யவில்லை என்பது மட்டும்தான் அன்று நாங்கள் சரியாகச் செய்தது. அதனால் தாளில் எண் இருக்கட்டும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் வேறு உறையில், குழுத் தலைவரிடம் மட்டும் இருக்கட்டும். பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது. தாள்களைப் பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். முழுதாக அல்ல. சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றிய கேள்வி, பாதுகாப்பு பற்றிய கேள்வி, கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா" என்று விட்ட காலி இடம், அப்புறம் தாளின் ஓரங்கள். நாற்பது தாளை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் அரை மணி நேரம்கூட ஆகாது. எனவே காலை முதல் பீரியடில் கொடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம். அன்று மாலை மணி அடித்ததும் அந்தப் பிள்ளை இரண்டு நாள் உங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

இனி ஒரு நாளைக் கற்பனையாக நடத்திப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் வகுப்பு, 42 பிள்ளைகள். எண் 23-இன் தாள். பி.எச்.கியூ-9 என்ற கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா என்று கேட்கும். இவள் "பல நாட்கள்" என்பதில் குறியிட்டிருக்கிறாள். அதற்கு மதிப்பெண் ஒன்றுதான். மொத்த மதிப்பெண்ணும் குறைவு. கூட்டிப் பார்த்து "லேசான மனச்சோர்வு" என்று ஒதுக்கிவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கூட்டல் கிடையாது. பூஜ்யத்துக்கு மேல் எதுவானாலும் அன்றைக்கே பேச வேண்டும். காலி இடத்தில் ஒரு வரி: "மாமா வர்ற நாள்ல எனக்கு தூக்கம் வராது."

இந்த வரி எதையும் சொல்லிவிடவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பியா, பக்கத்து வீட்டுக்காரரா, கடன் வசூலிக்க வருகிறவரா? குடித்துவிட்டுச் சண்டை போடுவதாகக்கூட இருக்கலாம். நம் ஊரில் யாரைத்தான் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுவதில்லை? ஆகவே முடிவுக்குத் தாவாமல், விட்டும் விடாமல், பேச வேண்டும்.

அவளை மட்டும் எழுப்பி வெளியே அழைத்தால் மதியத்துக்குள் வகுப்பே பேசும். "சில தாளில் எழுத்து புரியவில்லை" என்று சொல்லி ஐந்தாறு எண்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுங்கள், அவள் நடுவில் வரட்டும். பேசுவது ஒரு பெண்ணாக, ஆலோசனைப் பயிற்சி உள்ளவராக இருக்கட்டும். நால்வரில் அப்படி யாரும் இல்லை என்றால், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அன்று உடன் அழைத்து வராமல் ஆய்வையே தொடங்காதீர்கள். இடம், வெளியிலிருந்து ஆள் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக்கூடாது. கதவு திறந்த நூலகம் நல்லது, தலைமையாசிரியர் அறை வேண்டாம்.

"மாமா வர நாள் தூக்கம் வராதுன்னு எழுதியிருக்கியே, அதைப் பத்திச் சொல்றியாம்மா?" இந்த ஒரு கேள்வி போதும். அப்புறம் காத்திருங்கள். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். நாளை வழக்கில் அந்த வார்த்தை பிள்ளையுடையதா உங்களுடையதா என்றுதான் குடைவார்கள். "ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்பது கூடவே கூடாது. அவள், "லைட் ஆஃப் பண்ணதும் பக்கத்துல வந்து படுத்துப்பாரு, அக்கா" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எத்தனை முறை, எங்கே, எப்படி என்று துருவுவது உங்கள் வேலை இல்லை. துருவினால் அவள் அதையே நாலு பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சொன்ன சொற்களை அப்படியே, பேச்சு மொழியிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்யாதீர்கள். தாளைப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள்.

சாவு பற்றிய கேள்வியை மட்டும் நேராகவே கேட்கலாம். சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சியா, முன்னாடி ஏதாவது செஞ்சிருக்கியா, இன்னைக்கு அப்படித் தோணுதா. கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. எப்படி என்று யோசித்திருந்தாலோ, முன்பு முயன்றிருந்தாலோ, அவளைக் கழிப்பறைக்குக்கூடத் தனியாக விடாதீர்கள். நம்பகமான பெரியவர் ஒருவரை வரவழைத்து அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எண்ணம் மட்டும் இருந்தால், அவளுக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் பாதுகாப்பான ஒருவரிடம் பேசி, மனநலப் பிரிவில் நாள் குறித்துக் கொடுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. இடையில் இரவில் பேச அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரைகள் இருந்தால் பூட்டி வைக்கவோ வேறிடம் கொண்டுபோகவோ சொல்லுங்கள். கரும்பும் முந்திரியும் போடுகிற வீடுகளில் மருந்து பெரும்பாலும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும்.

இனி, அவள் சொன்னதை யாரிடம் சொல்வது? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல. தெரிவிக்கத் தவறினால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது என்பதும் அதே 19-ஆவது பிரிவில் இருக்கிறது. காவல் நிலையத்தில் சொன்னால் பதிவு எண் கொடுத்து, எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் அழைத்துவிடுங்கள்.

பெற்றோர் அடித்தார்கள், சோறு போடவில்லை என்பது போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு 1098-உம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும்தான் வழி.

தலைமையாசிரியரிடம் தகவலாகச் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். "பள்ளிக்குப் பேர் கெட்டுடும், நாங்களே பேசித் தீர்த்துக்கிறோம்" என்பார். அவர் தீர்த்துக்கொள்வதால் உங்கள் கடமை தீராது. அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டதால் அவருக்கும் அதே கடமை உண்டு, அதை மெதுவாக நினைவூட்டலாம். புகார் பள்ளி ஊழியர் ஒருவர் மீது என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் காவல்துறை, பிறகு பள்ளி.

கடலூரில் படிக்கிற பிள்ளையின் வீடு பாகூர்ப் பக்கம் இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், வேறு காவல்துறை, வேறு குழந்தைகள் நலக் குழு. "எங்க லிமிட் இல்லை, அங்க போங்க" என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் சொல்லிப் பார்ப்பார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பள்ளிக்கு அருகில் உள்ள நிலையத்திலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் அன்று மாலை மணி அடிப்பதற்குள் செய்ய ஒரு காரணம் உண்டு. அவள் இன்றிரவு எங்கே தூங்கப் போகிறாள்? மாமா அதே வீட்டில் இருப்பவர் என்று தெரிந்தால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். எங்கே தங்க வைப்பது என்று முடிவெடுப்பது அந்தக் குழுதான். நீங்களாகப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவைப்பது, அம்மாவை அழைத்துப் போட்டு உடைப்பது இரண்டும் வேண்டாம். மாமா அம்மாவின் தம்பி என்றால், அம்மா பிள்ளை பக்கம் நிற்பாரா தம்பி பக்கம் நிற்பாரா என்று உங்களுக்குத் தெரியாது. காவல்துறைக்கும் 1098-க்கும் சொன்ன பிறகு அம்மாவிடம் எப்போது, யார் பேசுவது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளிடம் இதை மறைக்க வேண்டாம். "நீ சொன்னதை போலீஸ் அக்கா ஒருத்தரிடம் சொல்லப் போறோம். அவங்க யூனிஃபார்ம் போடாம, நீ சொல்ற இடத்துக்கு வந்து பேசுவாங்க. நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம்." இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, சட்டத்தின் 24-ஆவது பிரிவு பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்க வைத்திருக்கும் ஏற்பாடு. "சொல்லாதீங்க அக்கா, அம்மா செத்துடுவாங்க" என்று அழலாம். அப்போது, சொல்லத்தான் வேண்டும் என்பதை மறுபடி சொல்லிவிட்டு, நேரத்தையும் இடத்தையும் அவளிடம் கேளுங்கள்.

கடைசியாகத் தரவு. எண் 23-இன் குறிகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், காலி இடத்தின் வரியைக் கணினியில் ஏற்ற வேண்டாம். நீங்கள் எழுதி வைத்த குறிப்பு விசாரணைக்குத் தேவைப்படும், பூட்டி வையுங்கள். அறிக்கையில் "கடலூர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர்" என்றுகூட எழுதாதீர்கள். 42 பேர் உள்ள வகுப்பில் அது பெயர் போட்ட மாதிரிதான். இரண்டு வாரம் கழித்து ஆலோசகரை அழைத்து, அவள் பள்ளிக்கு வருகிறாளா, மருத்துவமனைக்குக் குறித்த நாளில் போனாளா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.