தேதி, தாமதம், விலகல்: பில்டர் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய பத்திகள்

கேள்வி: சென்னையில் 60 லட்சத்துக்கு 1,000 சதுர அடி ஃப்ளாட் பேசியிருக்கிறோம். பில்டர் தந்த ஒப்பந்தம் 40 பக்கம், ஆங்கிலத்தில். வீடு எப்போது வரும், தாமதமானால் என்ன தருவார்கள், வேண்டாமென்றால் பணம் திரும்புமா? 'எல்லாரும் இதில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்' என்கிறார் புரோக்கர்.

பதில்: ஒப்படைப்புப் பத்தியில் நாள், மாதம், ஆண்டு இருக்க வேண்டும். 'வேலை தொடங்கியதிலிருந்து 30 மாதம்' என்றால் அது தேதியே அல்ல. எப்போது தொடங்கியது என்பதை பில்டரே சொல்லிக்கொள்வார். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் திட்டத்தைப் பதிவு செய்து, பின்னால் பில்டர் நீட்டிப்பு வாங்கினாலும், தாமதம் உங்கள் ஒப்பந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. அதனால்தான் அந்தத் தேதிக்கு இவ்வளவு மதிப்பு.

அடுத்து இழப்பீடு. 'மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய்' என்று எழுதியிருப்பார்கள். உங்களுக்கு அது 5,000 ரூபாய். ஆனால் ரெரா சட்டப்படி, தாமதத்துக்கு நீங்கள் கட்டிய பணத்துக்கு வட்டி கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது ஸ்டேட் வங்கி கடனுக்கு வைக்கும் அடிப்படை வட்டியான எம்.சி.எல்.ஆரின் அதிகபட்ச விகிதத்தோடு 2 சதவீதம். 48 லட்சம் கட்டியிருந்து வட்டி 10 சதவீதம் என்று வைத்தால், மாதம் 40,000 ரூபாய்! நீங்கள் தவணை தவறினால் 18 சதவீதம் என்று இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். இரு தரப்புக்கும் ஒரே விகிதம்தான்.

தாமத வட்டிக்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் நன்றாகப் படிக்க வேண்டும். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றைச் சட்டம் ஏற்கிறது. பில்டர்கள் அந்த வரிசையில் மணல் தட்டுப்பாடு, ஆள் பற்றாக்குறை, அனுமதித் தாமதம், 'எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத எதுவும்' என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். சிமென்ட் விலை ஏறியது இயற்கைப் பேரிடர் அல்ல. புயலே வந்தாலும், அதனால் எத்தனை நாள் வேலை நின்றதோ அத்தனை நாள்தான். இப்படிச் சேர்த்த சொற்களை அடிக்கச் சொல்லுங்கள்.

விலகலில் இரண்டு வகை. பில்டர் தேதி தவறி நீங்கள் விலகினால் முழுப் பணமும் வட்டியோடு திரும்ப வேண்டும். உங்கள் காரணத்துக்காக விலகினால் புக்கிங் பணம் போய்விடும். அது எவ்வளவு என்று தொகையாக எழுதி வாங்குங்கள். சிலர் மொத்த விலையில் 20 சதவீதம் என்று நுழைத்துவிடுகிறார்கள். உங்கள் விலைக்கு அது 12 லட்சம்.

புரோக்கர் அவசரப்படுத்துவார், ஏனென்றால் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குக் கமிஷன். 'கேன்சல் பண்ணினால் முழுசா வாங்கித் தருகிறேன்' என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது 6 லட்சத்துக்கு மேல், பில்டர் வாங்கவே கூடாது. தமிழ்நாடு ரெரா விதிகளில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. பில்டரின் ஒப்பந்தம் அதிலிருந்து எங்கெல்லாம் மாறுகிறது என்று ஒரு வக்கீலை வைத்துக் குறியுங்கள். ரெராவில் ஜெயித்த பிறகும், பணத்தை வசூலிக்க ஆட்சியர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்க்கிறேன். இது கொடுமை. திருத்தத்தை இப்போதே, எழுத்தில் கேளுங்கள்.