யார் சொன்னது என்பது வினைமுற்றில் இருக்கிறது

"பத்து நிமிட வானொலிச் செய்திப் பதிவைச் சுருக்கும்போது, யார் எதைச் சொன்னார்னு குழம்பிடுது."

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக: "அணை திறக்கப்பட்டது. கரையோர மக்கள் வெளியேற வேண்டும் என்று பொறியாளர் கூறினார். 3 ஊர்களில் நீர் புகுந்ததாகக் கூறப்படுகிறது."

இதில் பொறியாளர் சொன்னது வெளியேறும் அறிவுரை மட்டும்தான். அணை திறந்தது வானொலியே தரும் தகவல். 3 ஊர்கள் என்பதற்குச் சொன்னவரே இல்லை. அதைப் பொறியாளர் பெயரில் எழுதினால் பெரிய தவறு. "சொன்னவர் குறிப்பிடப்படவில்லை" என்றே எழுதுங்கள்.

அப்புறம், தொடக்கத்தில் வரும் தலைப்புச் செய்திகளை வைத்துச் சுருக்காதீர்கள். சொன்னவர் பெயர் அங்கே பெரும்பாலும் விடுபட்டிருக்கும், விரிவான செய்தியில்தான் வரும். "அவர்" என்று வந்தால் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பெயரைப் பிடித்து, பக்கத்தில் நிமிடம், நொடியையும் எழுதிவிடுங்கள்.