கிறிஸ்துமஸ் கேக் நோட்டீஸ்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

எங்கள் தெரு பேக்கரியின் நோட்டீஸில் கடைசி வரியாக “எக்லெஸ்ஸும் கிடைக்கும்” என்று போட்டிருக்கிறார்கள். என் பேரனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். நம்பி ஆர்டர் கொடுக்கலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

அந்த ஒரு வரியை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள் அம்மா. அது முட்டை சாப்பிடாதவர்களுக்காகப் போட்ட வரி. முட்டை பட்டாலே உடம்புக்கு ஆகாதவர்களை நினைத்துப் போட்டதல்ல. இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு சின்ன பேக்கரியின் பின்கட்டைப் பார்த்தால் இது புரியும். மாவு அடிக்கிற மெஷின் ஒன்றுதான் இருக்கும். முட்டை போட்ட கலவையை எடுத்துவிட்டு, பாத்திரத்தை ஒரு துணியால் துடைத்து, அடுத்து எக்லெஸ் கலவையைப் போடுவார்கள். தட்டில் எண்ணெய் தடவுகிற பிரஷ்ஷும், வெந்த கேக்கை வெட்டுகிற கத்தியும் எல்லாவற்றுக்கும் பொது. கலவையில் முட்டை இல்லைதான். ஆனால் கேக்கில் துளிகூட முட்டை இல்லை என்று சொல்ல முடியாது.

மேலே பூசுவதையும் கவனிக்க வேண்டும். பிளம் கேக்கின் மேல் வெள்ளையாகக் கெட்டியாக இறுகி நிற்கும் ராயல் ஐசிங்கை, வழக்கமாக முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் சேர்த்துத்தான் அடிப்பார்கள். முந்திரியில் செய்கிற மார்சிபானிலும் பல இடங்களில் வெள்ளைக்கரு சேரும். கேக்கை முட்டை இல்லாமல் சுட்டுவிட்டு அதன் தலையில் இதை வைத்துக் கொடுத்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், “கேக் எக்லெஸ்தான் சார்” என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் உங்கள் பேரனுக்கு அந்த பதில் போதாது.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். கவுண்டரில் இருக்கிற பையனிடம் கேட்காமல், சுடுகிற மாஸ்டரிடமே கேளுங்கள். எக்லெஸ்ஸுக்குப் பாத்திரமும் பிரஷ்ஷும் தனியா, அன்றைய முதல் வேலையாக அதைச் சுடுகிறார்களா, மேலே என்ன பூசுகிறார்கள்: இது மூன்றும் போதும். “ஒரே இடத்தில்தான் செய்கிறோம், உறுதி சொல்ல முடியாது” என்று அவர் சொன்னால், உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். அந்த கேக் பேரனுக்கு வேண்டாம். முட்டையே உள்ளே வராத பேக்கரி பக்கத்தில் இருந்தால் அங்கே வாங்குங்கள். இல்லையென்றால் அவனுக்கு மட்டும் ஒரு சின்ன கேக் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

டிசம்பர் 24 மாலை 6–8 ஸ்லாட் எடுத்திருந்தேன். கூட்ட நெரிசலில் போய்ச் சேர 8.40 ஆகிவிட்டது. “நேரம் தாண்டியதால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம், அட்வான்ஸ் 500 ரூபாய் திரும்பாது” என்றார்கள். கேக் விலை 950. நோட்டீஸில் இப்படி எந்த நிபந்தனையும் இல்லை.
*வாசகர், பாளையங்கோட்டை*

உங்கள் 500 ரூபாய் உங்களுக்கு வர வேண்டிய பணம். கணக்கைப் பாருங்கள். அந்தக் கேக்கை வேறொருவருக்கு 950 ரூபாய்க்கு விற்றாயிற்று. உங்கள் 500-ஐயும் வைத்துக்கொண்டால், ஒரே கேக்குக்கு 1,450 ரூபாய் வாங்கியதாக ஆகிறது. நீங்கள் தாமதமாகப் போனதால் கடைக்கு ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. கேக் விற்காமல் கிரீம் உருகி வீணாகியிருந்தால் பேச்சு வேறு. அப்போது ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதுங்கள்: ஆர்டர் கொடுத்த தேதி, அட்வான்ஸ் தொகை, போன நேரம், அவர்கள் சொன்ன பதில். நோட்டீஸையும் ரசீதையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது. 500 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். அன்று இரவு குழந்தைகள் முன்னால் வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறீர்கள். அதை நினைக்கும்போது எனக்கே கோபம் வருகிறது.

பிக்கப் ஸ்லாட் 22-ஆம் தேதியிலிருந்து 24 இரவு 10 மணி வரை கொடுத்திருக்கிறார்கள். எதை எடுப்பது நல்லது?
*வாசகி, கோயம்புத்தூர்*

நீங்கள் வாங்குவது பிளம் கேக்கா, கிரீம் கேக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பிளம் கேக் என்றால் 22 அல்லது 23 காலை ஸ்லாட். உலர்ந்த பழங்களை ரம்மிலோ பழச்சாற்றிலோ ஊறவைத்துச் செய்கிற கேக் அது. சுட்டு இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் பழத்தின் ஈரம் மாவில் இறங்கி, வெட்டும்போது உதிராமல் வரும். நீங்கள் 24 இரவு வரிசையில் நின்றாலும், கையில் வாங்கப் போவது முன்னமே சுட்டு அடுக்கி வைத்த கேக்தான்.

பிளம் கேக்கே எக்லெஸ் என்றால் ஒரு வித்தியாசம் உண்டு. முட்டைக்குப் பதில் தயிர், கண்டென்ஸ்டு மில்க் மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், ஈரம் கூடுதலாக நிற்கும். எத்தனை நாள் வெளியில் வைக்கலாம் என்று கேட்டு, அதைப் பெட்டியின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் என்றால் 23 மாலை எடுப்பேன்.

கிரீம் கேக் மட்டும் 24-ஆம் தேதிதான். அதிலும் மத்தியான ஸ்லாட்டை விட்டுவிடாதீர்கள். மாலை ஆகிவிட்டால் பேக்கரியில் ஃபிரிட்ஜ் நிரம்பி வழியும். கேக்கை வெளியே மேஜையில் அடுக்கிவிடுவார்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள். கிரீம் பூவின் ஓரம் கூர்மையாக நின்றால் இப்போதுதான் வெளியே எடுத்திருக்கிறார்கள். ஓரம் மழுங்கி, பளபளவென்று எண்ணெய்போல மின்னினால் வெகுநேரம் வெளியில் இருந்த கேக் அது. வேறு கேளுங்கள்.

பச்சைப் புள்ளி இருந்தால் ரம் இருக்காதுதானே?
*வாசகர், திருச்சி*

இருக்கலாம். பச்சைப் புள்ளிக்கும் ரம்முக்கும் சம்பந்தமே இல்லை. பழத்தை எதில் ஊறவைத்தார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

ஃபோனில் 2 கிலோ ஆர்டர் சொன்னேன். கவுண்டரில் பணமாகக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை. வீட்டில் எடை போட்டால் 1 கிலோ 800 கிராம்தான் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?
*வாசகர், மதுரை*

ஒன்றும் செய்ய முடியாது. எழுத்தில் ஆர்டர் இல்லை, ரசீது இல்லை, கடையில் எடையும் பார்க்கவில்லை. இதைப் பத்து வருடமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறையாவது கவுண்டரிலேயே வெறும் பெட்டியையும் அட்டையையும் முதலில் தராசில் வைத்து, பூஜ்யம் ஆக்கச் சொல்லி, அப்புறம் கேக்கை வைக்கச் சொல்லுங்கள். கேக் வைக்கிற தடித்த அட்டையின் எடையைக் கேக் விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

எங்கள் மாடியில் சைவக் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்களுக்கு எக்லெஸ் கேக் கொடுப்போம். நோட்டீஸில் எதைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது?
*வாசகி, சென்னை*

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். பல வருடமாக என் மனதில் கிடக்கிற விஷயம் இது.

2018-இல் நானும் இதேபோல எதிர்வீட்டு மாமிக்காக ஒரு அரைக் கிலோ எக்லெஸ் பிளம் கேக் ஆர்டர் கொடுத்தேன். வாயால்தான் சொன்னேன். ரசீதில் “பிளம் ½ கிலோ” என்று மட்டும் எழுதினார்கள், நானும் கவனிக்கவில்லை. 24 மாலை நெரிசலில் அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மாமி ஒரு துண்டு சாப்பிட்டு, இரண்டாவதை எடுக்கும்போதுதான் பெட்டியின் அடியில் பாதி உரிந்த ஸ்டிக்கரில் பழுப்புப் புள்ளியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் குழாயடியில் நின்று வெகுநேரம் வாய் கொப்பளித்தார். பிறந்ததிலிருந்து முட்டை தொடாதவர். அடுத்த நாள் நான் கடைக்குப் போய்க் கேட்டபோது, “ரசீதில் எக்லெஸ் என்று இல்லையே” என்றார்கள்.

நம் நாட்டு உணவுச் சட்டப்படி முட்டை சேர்ந்தது அசைவம்தான். முட்டை போட்ட கேக்குக்குப் பச்சைக் குறி போடக் கூடாது. சைவத்துக்குப் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்துக்கு அப்போது பழுப்பு வட்டம், இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் முக்கோணம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, நோட்டீஸின் மூலையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளியைப் போட்டு, நடுவில் பத்து கேக் படத்தை அச்சடித்து, கீழே பொடி எழுத்தில் “எக்லெஸ்ஸும் கிடைக்கும்” என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எந்தக் கேக் எக்லெஸ்ஸில் வரும், அரைக் கிலோவில் உண்டா, விலை கூடுமா, எந்தத் தேதி வரை ஆர்டர் எடுப்பார்கள், எதுவும் அந்த வரியில் இல்லை. ஒவ்வொரு கேக் பெயருக்குப் பக்கத்திலும் அதற்குரிய குறி, எக்லெஸ் விலை தனி வரியில். அச்சடிக்க இதற்கு ஒரு அங்குல இடம்கூட ஆகாது.

நோட்டீஸ் அப்படி இல்லையென்றால் உங்கள் ரசீது அப்படி இருக்கட்டும். “எக்லெஸ் பிளம், அரைக் கிலோ, மேலே ஐசிங் வேண்டாம், 23 மாலை 4–6” என்று முழுதாக எழுதச் சொல்லி, கண் முன்னால் படித்துப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், அது இருக்கிறதா பாருங்கள். எடுக்கப் போகும்போது எக்லெஸ் பெட்டியைத் தனியாகப் பிரித்து, பச்சைக் குறி ஒட்டியிருப்பதைப் பார்த்து, உங்கள் மற்ற கேக்குகளோடு ஒரே பையில் போடாமல் கொண்டு வாருங்கள். பெட்டியில் குறியே இல்லையென்றால் அங்கேயே ஒட்டித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மாடிவீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள். பழம் வாங்கிக் கொடுங்கள்.

குறித்த தேதிக்கு முந்தின நாள் கடையிலிருந்து ஃபோன்: “எக்லெஸ் தீர்ந்துவிட்டது, சாதா கேக் எடுத்துக்கொள்ளுங்கள்.” எடுத்துக்கொள்ள வேண்டுமா?
*வாசகி, தூத்துக்குடி*

வேண்டாம். முழு அட்வான்ஸையும் அன்றே திருப்பிக் கேளுங்கள்.