நாலாவது ரயில் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஒரே சம்பவத்தைப் பற்றி மூணு செய்தி கையில் இருக்கு. ஒரு தகவலும் திரும்ப வராம, ஒரே சின்னப் பத்தியா எழுதணும். நான் எழுதினா மூணையும் ஒட்டிப் போட்ட மாதிரியே வருது. எப்படிச் செய்வது?

வருகிற செய்திகளைத் திருத்திச் சுருக்கும் டெஸ்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், மேலே இருப்பவர் "அறுபது சொல்லுக்குள்ள குடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு தமிழ் நாளிதழில் பல வருடம் இரவுப் பணி பார்த்தவன் நான். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போவதில் மாட்டிக்கொண்டவன் நான்தான், பத்திரிகை அல்ல.

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை இரவு. ஒடிசாவில் ரயில் விபத்து என்று எட்டு மணி வாக்கில் முதல் செய்தி வந்தது. சென்னைக்கு வரும் ரயில் என்பதால் டெஸ்க்கே எழுந்து நின்றது. முழுச் செய்தியை வேறொருவர் பார்த்துக்கொண்டார். முதல் பக்கத்தின் மேலே போகும் சுருக்கப் பத்தி என் தலையில் விழுந்தது. வெளியூர்ப் பதிப்புக்குப் பக்கம் இறங்க அரை மணி நேரம்கூட இல்லை. என் முன்னால் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய மூன்று ஏஜென்சி காப்பி. ஒன்றில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியது என்று இருந்தது. இன்னொன்றில் ஷாலிமார்–சென்னை எக்ஸ்பிரஸ் தடம்புரண்டது என்று இருந்தது. மூன்றாவதில் பெங்களூரு–ஹவுரா ரயிலும் சிக்கியது என்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? எந்தத் தகவலும் விட்டுப்போகக் கூடாது என்ற பயத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். "நான்கு ரயில்கள் மோதல்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கம் இறங்கி, அச்சும் ஓட ஆரம்பித்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்துத் தலைமை உதவி ஆசிரியர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கத்தவில்லை. "தம்பி, நாலாவது ரயில் எங்கேருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

ஷாலிமார்–சென்னை எக்ஸ்பிரஸும் கோரமண்டலும் ஒரே ரயில். எங்கள் தலைமுறைக்குக் கோரமண்டல் என்றால் ஹவுராவிலிருந்து வரும் ரயில். அது ஷாலிமாரிலிருந்து புறப்படத் தொடங்கியது என் மண்டையில் ஏறவே இல்லை. நல்லவேளை, பெங்களூரு–ஹவுரா ரயிலைச் சில காப்பிகள் யஷ்வந்த்பூர்–ஹவுரா என்று எழுதியிருந்தது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் ஐந்து ரயில் ஆக்கியிருப்பேன். நகரப் பதிப்பில் "மூன்று" என்று திருத்தினோம். வெளியூரில் நான்கு ரயிலோடுதான் பேப்பர் விடிந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. திரும்ப வருவது என்றால் ஒரே சொல் திரும்ப வருவது என்று நினைக்கிறோம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம், கண்ணே சொல்லிவிடும். மாட்டிவிடுவது, ஒரே தகவல் வேறு பெயரில் வந்து நிற்பது. பாலசோர், பாலேஸ்வர், பஹநாகா பஜார் என்று மூன்று காப்பியில் மூன்று பெயர் இருந்தது. முதல் இரண்டும் ஒரே ஊர், மூன்றாவது அந்த மாவட்டத்தில் விபத்து நடந்த நிலையம். பெயர் தெரியாதவன் இதை மூன்று இடமாக எழுதிவிடுவான்.

அன்றைக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மூன்று காப்பியையும் படித்துவிட்டு மூடிவைப்பேன். ஒரு துண்டுத் தாளில் கேள்விகளை மட்டும் எழுதுவேன்: எங்கே, எப்போது, எது எதில் மோதியது, எத்தனை பேர், ஏன், இப்போது நிலவரம் என்ன. பிறகு ஒவ்வொரு காப்பியாகத் திறந்து, அதிலிருக்கும் தகவலை அது எந்தக் கேள்விக்குப் பதிலோ அதற்கு எதிரே எழுதுவேன். ஒரு கேள்விக்கு எதிரே மூன்று பதில் வந்தால், அவை ஒன்றா வேறா என்று அங்கேயே தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. வாக்கியம் எழுதுவது கடைசி வேலை. மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக எழுத உட்கார்ந்தால் ஒட்டிப் போட்ட மாதிரிதான் வரும். நீங்கள் எழுதுவது காப்பிகளின் வரிசையில், சம்பவத்தின் வரிசையில் இல்லை. (இதழியல் கற்றுக்கொடுப்பவர்கள் "இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது" என்று சண்டைக்கு வரலாம். இருக்கலாம் சார், அரை மணி நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 4, அதே பத்தியைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அப்போதுதான் எண்ணிக்கையின் கூத்து. சனிக்கிழமை காப்பியில் உயிரிழந்தோர் 288. ஞாயிறு காப்பியில் 275. புதிதாக வந்த பையன் ஒருவன் "275 முதல் 288 பேர் வரைன்னு போட்டுடலாமாண்ணே?" என்றான். அப்படிப் போட்டால் யாருக்குமே சரியாகத் தெரியாது என்ற அர்த்தம் வரும். விஷயம் அது இல்லை. சில உடல்கள் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டன என்று சொல்லி ஒடிசா அரசே எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. ஆக இவை முரண்பட்ட இரண்டு தகவல் அல்ல. ஒன்று பழசு, மற்றது அதன் திருத்தம். எண் முரண்பட்டால் நான் முதலில் பார்ப்பது எந்தக் காப்பி எத்தனை மணிக்கு வந்தது, எண்ணைச் சொன்னது யார் என்பதைத்தான். எந்தக் காப்பி நீளம், எது நம்பும்படி எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். இன்னொன்று: மூன்று காப்பியும் 288 என்றால் மூன்று சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். மூவரும் ஒரே அதிகாரி பேசியதைக் கேட்டு எழுதியிருப்பார்கள்.

காயமடைந்தவர்கள் கணக்கு இதைவிட மோசம். ஒரு காப்பியில் 1,175 பேர் காயம். ஒன்றில் 793 பேர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினர். ஒன்றில் 382 பேர் மருத்துவமனையில். தனித்தனியாகப் படித்தால் மூன்று புதுத் தகவல். கூட்டிப் பாருங்கள்: 793-ம் 382-ம் சேர்ந்தால் 1,175. ஒரே எண்ணிக்கையைத்தான் மூன்று பேர் மூன்று பக்கமிருந்து சொல்லியிருக்கிறார்கள். சின்னப் பத்தியில் ஒன்று போதும். செய்தி அரசு உதவியைப் பற்றியது என்றால் 382 முக்கியம், விபத்தைப் பற்றியது என்றால் 1,175. அதனால் எண்களைக் கண்டால் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்று கூட்டிக் கழித்துப் பார்ப்பது என் வழக்கம்.

அன்று நான் கொடுத்த பத்தி, நினைவிலிருந்து:

"ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹநாகா பஜார் நிலையத்தில் வெள்ளிக்கிழமை இரவு 7 மணியளவில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதித் தடம்புரண்டது. அதன் பெட்டிகள் சில, எதிர்த்திசையில் சென்ற பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளில் மோதின. சில உடல்கள் இருமுறை எண்ணப்பட்டதால், பலியானோர் எண்ணிக்கையை 288-லிருந்து 275 ஆக ஒடிசா அரசு ஞாயிறன்று திருத்தியது, காயமடைந்தோர் 1,175. எலெக்ட்ரானிக் இன்டர்லாக்கிங்கில் செய்யப்பட்ட மாற்றமே காரணம் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூறினார்."

அறுபது சொல்லைத் தாண்டவில்லை. லூப் லைன் என்பது பிரதான தடத்திலிருந்து பிரியும் பக்கத் தடம், இன்டர்லாக்கிங் என்பது சிக்னலையும் தடம் மாற்றுவதையும் ஒன்றோடொன்று பிணைக்கும் ஏற்பாடு. "சென்னைக்கு வந்துகொண்டிருந்த", "லூப் லைனில் நின்ற" என்று பெயருக்கு முன்னால் போட்டாலே ஒரு வாக்கியத்தின் வேலை முடிந்துவிடுகிறது. தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி அது. ஆனால் அதிகமாகப் போனால் அதுவே வினை. நான் முதலில் எழுதியது: "நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதித் தடம்புரண்ட கோரமண்டலின் பெட்டிகள் மோதிய ஹவுரா ரயில்…" யார் யாரை மோதியது என்று எனக்கே புரியவில்லை. விபத்தன்று இரவு வந்த காப்பிகளில் ஹவுரா ரயில்தான் முதலில் தடம்புரண்டது என்றுகூட ஒன்று இருந்தது. வரிசையே சந்தேகமாக இருக்கும் இடத்தில் சங்கிலி போடக் கூடாது. ஒரு மோதலுக்கு ஒரு வாக்கியம், ஒரு வினைமுற்று. அதனால்தான் பிரித்தேன்.

காரணத்தை அமைச்சர் வாயில் வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். மோதியது எல்லாரும் ஒப்புக்கொண்டது, யார் சொன்னார் என்று எழுதினால் இடம் வீண். காரணம் அன்றைக்கு ஒருவர் சொன்னது. "கூறினார்" என்ற ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப்போனால் அது தீர்ப்பு ஆகிவிடும். பிரதமர் வந்து பார்த்தது, தண்டவாளச் சீரமைப்பு, ரயில் மோதலைத் தடுக்கும் கவாச் அமைப்பு அந்தத் தடத்தில் இல்லாதது எல்லாம் என் துண்டுத் தாளில் இருந்தன. விட்டுவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் "கவாச்சை மறைத்துவிட்டீர்கள்" என்று போன் செய்த வாசகரும் உண்டு. உள்பக்கத்தில் பெரிய செய்தியாக அதுதான் ஐயா இருந்தது.

எழுதி முடித்ததும் பத்தியில் ஒவ்வொரு துண்டின் மேலும் பேனாவை வைத்து, இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்பேன். இரண்டு துண்டு ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் ஒன்று போகும். "இந்தக் கோர விபத்தில்", "நாட்டையே உலுக்கிய" போன்றவை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது, அவையும் போகும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் ஒன்று உண்டு, உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் மச்சான் நாலு பேர் நடுவில், "மாப்ள ரிப்போர்ட்டர் இல்ல, டெஸ்க். வர்ற செய்தியைக் காப்பி பேஸ்ட் பண்ற வேலை" என்றார். சாம்பாரை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். நிருபருக்குப் பெயர் போடுவார்கள். நான்கை மூன்றாக்குகிறவனுக்கு எங்கேயும் பெயர் கிடையாது. மூன்றை நான்காக்கினால் மட்டும் எல்லாருக்கும் அவன் பெயர் தெரியும். பிழை திருத்துநர் வேலையை எங்கள் அலுவலகத்தில் எடுத்துவிட்ட கதையை ஆரம்பித்தால் இன்னும் இரண்டு பக்கம் போகும், வேண்டாம்.

விட்டுப்போன ஒன்று. அந்தப் பத்தியில் "ஞாயிறன்று" என்ற சொல்லைப் பக்க வடிவமைப்பாளர் வெட்டச் சொன்னார், ஒரு வரி நீள்கிறதாம். நான் விடவில்லை. செவ்வாய்க்கிழமை ஒடிசா அரசு மறுபடி 288 என்றது. கடைசியில் அது 296-ல் போய் நின்றது.