எதிராளியின் பேச்சு நம் நாக்கில் ஒட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி: யாருடன் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் மாதிரியே பேச ஆரம்பித்துவிடுகிறேன். இது நடிப்பா?

இல்லை. பெரும்பாலும் இது நாம் கவனிக்காமலேயே நடப்பது. சமூக உளவியலாளர் ஹாவர்ட் ஜைல்ஸ் 1970களில் உருவாக்கிய தகவல்தொடர்பு இணக்கக் கோட்பாடு இதை விளக்குகிறது. எதிராளியோடு நெருங்க நினைத்தால் அவர் உச்சரிப்பு, வேகம், சொற்கள் ஆகியவற்றின் பக்கம் நகர்கிறோம், இது குவிதல். விலகி நிற்க நினைத்தால் நம் வழக்கையே அழுத்திப் பேசுகிறோம், இது விலகல்.

குவிதலுக்கு நல்ல சான்று, வேல்ஸின் கார்டிஃப் நகரில் நிக்கோலஸ் கூப்லண்ட் செய்த ஆய்வு. ஒரு பயண முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்ணின் பேச்சைப் பதிவு செய்தார். வாடிக்கையாளர் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஹ’ ஒலியை விட்டுப் பேசினால் அவரும் அதிகம் விட்டார். திருத்தமாகப் பேசுபவரிடம் அவர் பேச்சும் திருத்தமானது. ஆளே மாறவில்லை, ஒலிகளின் விகிதம்தான் மாறியது. நடிப்பு என்று நான் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

விலகலும் வேல்ஸில்தான் பதிவானது. ரிச்சர்ட் பூர்ஹி, ஜைல்ஸ் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டு மொழியான வெல்ஷை ஆசையாகக் கற்றவர்களிடம், அது அழிந்துவரும் மொழி என்று மேட்டிமை ஆங்கிலத்தில் ஒரு குரல் சீண்டியது. பதில் சொன்ன பலருக்கு வெல்ஷ் சாயல் இன்னும் தடித்தது.

ஒரு எச்சரிக்கை: எதிராளி எப்படிப் பேசுவார் என்று நாம் கற்பனை செய்வதை நோக்கியும் நகர்வோம். சில நேரம் அது மிகையாகிவிடும். முதியவர் என்பதற்காகவே சத்தமாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினால் அவர் முகம் சுருங்கும், பதில்கள் குறுகும்.